‘வயிர் தடை’யும் வாய் தவறலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோட்டலில் “ரெண்டு தயிர் வடை” என்று கேட்கப் போய் “ரெண்டு வயிர் தடை” என்று சொல்லிவிட்டேன். இதற்கு ஏதாவது பெயர் உண்டா?

உண்டு. இரண்டு சொற்களின் ஒலிகள் ஒன்றுக்கொன்று இடம் மாறி வருவதை ஸ்பூனரிசம் என்கிறார்கள். பெரும்பாலும் மாறுவது முதல் ஒலிகள்தான். வாய் தவறல்களில் இது ஒரு வகை மட்டுமே. பின்னால் வர வேண்டிய ஒலி முந்திக்கொண்டு வருவதும் (“வயிர் வடை”), முன்னால் வந்த ஒலி போகாமல் இன்னொரு தடவை வருவதும் (“தயிர் தடை”) தனித்தனி வகைகள். முழுச் சொற்களே இடம் மாறுவதும், ஒரு சொல்லுக்குப் பதில் அதன் சொந்தக்காரச் சொல் வருவதும் வேறு.

“வயிர் வடை” என்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வாய் இன்னும் தயிரையே தொடங்கவில்லை. அதற்குள் வடையின் ‘வ’ தயாராகி வந்து வரிசையில் புகுந்துவிட்டது. அப்படியானால் மனம் ஒவ்வொரு சொல்லாகத் தயார் செய்து அனுப்புவதில்லை, அடுத்ததையும் சேர்த்தே அடுக்கி வைக்கிறது. பெரியவர்களின் சாதாரணப் பேச்சில் முந்திக்கொள்ளும் தவறுகள்தான் தங்கிவிடும் தவறுகளைவிட அதிகம். பழக்கமில்லாத வாக்கியத்தைச் சொல்லும்போது தங்கிவிடும் தவறுகளின் பங்கு கூடுகிறது. சொல்லிச் சொல்லிப் பழகியபின் தவறு குறைகிறது. மிச்சமிருக்கும் தவறுகளும் முந்திக்கொள்ளும் வகையாகவே இருக்கின்றன. நன்றாகப் பழகியவரின் மனம் எப்போதும் ஒரு அடி முன்னால் நிற்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஸ்பூனர் என்று நிஜமாகவே ஒருவர் இருந்தாரா?

இருந்தார். வில்லியம் ஆர்ச்சிபால்ட் ஸ்பூனர் (1844–1930), ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நியூ காலேஜில் வாழ்நாள் முழுக்க இருந்தவர். 1903 முதல் 1924 வரை அதன் தலைவர். பிறவியிலேயே நிறமி குறைந்தவர், பார்வையும் மங்கல். அவர் பெயரில் உலவும் வேடிக்கைகளில் பெரும்பாலானவை மாணவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கட்டியவை. “டியர் ஓல்ட் குவீன்” என்று ராணியை வாழ்த்தப் போய் “குவியர் ஓல்ட் டீன்” என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. இரண்டு பக்கமும் இவ்வளவு கச்சிதமாக அர்த்தம் வருகிற தவறு தானாக நேர்வது அபூர்வம். நிஜமான தவறு பெரும்பாலும் ஒரு பக்கமாவது அர்த்தம் இல்லாமல் உளறலாகவே இருக்கும். ‘கடலை மிட்டாய்’ உங்கள் வாயில் ‘மடலை கிட்டாய்’ என்று வந்தால், அதுதான் அசல் சரக்கு.

தயிர் வடையில் இடம் மாறியது எழுத்தா, ஒலியா?

இந்த ஒரு உதாரணத்தை வைத்துச் சொல்ல முடியாது. ‘த’, ‘வ’ இரண்டிலும் உயிர் ‘அ’தான். முழு எழுத்து மாறினாலும் மெய் மட்டும் மாறினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்.

‘பச்சை மிளகாய்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இது “மச்சை பிளகாய்” என்று வரும். முழு எழுத்துகள் இடம் மாறியிருந்தால் “மிச்சை பளகாய்” என்றல்லவா வந்திருக்க வேண்டும்? ‘ப’வில் இருந்த ‘அ’ முதல் சொல்லிலேயே இருந்துவிட்டது, ‘மி’யில் இருந்த ‘இ’ இரண்டாம் சொல்லிலேயே இருந்துவிட்டது. ப், ம் என்ற மெய்கள் மட்டும் கழன்றுபோய் இடம் மாறியிருக்கின்றன. நாம் ஒரே எழுத்தாக எழுதும் உயிர்மெய்யை மனம் பேசும்போது உயிர் வேறு, மெய் வேறாகப் பிரித்துக் கையாள்கிறது. ‘மி’ என்பதை ம் + இ என்று நம் இலக்கணம் பிரித்துக் காட்டுவது ஏட்டு வசதிக்காக மட்டும் அல்ல என்பதற்கு இந்த மிளகாயே சாட்சி.

1971-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் விக்டோரியா ஃப்ரம்கின் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்பம். ஒலி, அசை, சொல், விகுதி என்று மொழியியலாளர்கள் தாளில் பிரித்துக் காட்டும் அலகுகள் எல்லாம் வாய் தவறும்போது தனித்தனியாக நகர்கின்றன என்பதுதான் அவர் வாதம். தனியாக நகர முடிகிறது என்றால், மனத்தில் அது தனிப் பொருளாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் எந்த ஒலியும் எங்கே வேண்டுமானாலும் போகுமா?

போகாது. ‘வாழைப் பழம்’ தடுமாறினால் “பாழை வழம்” என்று வரலாம். ‘ழ’ சொல்லின் முதலில் போய் உட்கார்ந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. முதலில் இருக்கும் மெய் இன்னொரு சொல்லின் முதலுக்குத்தான் போகும், கடைசியில் இருப்பது கடைசிக்குப் போகும். ஒவ்வொரு ஒலியும் தன் இருக்கை எண்ணோடு வருவது போல. பெட்டி மாறி ஏறலாம், ஆனால் உட்காருவது அதே எண் இருக்கையில்தான்.

தவறான பேச்சுகூட அந்த மொழியின் ஒலி விதிகளை அநேகமாக மீறுவதில்லை. ‘மடலை கிட்டாய்’க்கு அர்த்தம் இல்லை, ஆனால் தமிழ்ச் சொல் மாதிரியே இருக்கிறது.

“டப்பாவுல பணத்தப் போடு” என்பதற்குப் பதில் “பணத்துல டப்பாவப் போடு” என்றாள் என் தங்கை. இதுவும் ஸ்பூனரிசம்தானா?

இல்லை. இது சொல் மாற்றம், முற்றிலும் வேறு கட்டத்தில் நடக்கிற தவறு. என்னைக் கேட்டால் ஒலி மாற்றத்தைவிட இதுதான் சுவையானது. உங்கள் தங்கையின் வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

அவர் சொல்ல நினைத்தது: டப்பா + உல, பணம் + அ, போடு. எழுத்து நடையில் ‘டப்பாவில் பணத்தை’. வாயில் வந்தது: பணம் + உல, டப்பா + அ, போடு. டப்பாவும் பணமும் இடம் மாறின. வேற்றுமை உருபுகளோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. முதல் இடம் ‘எதில்’ என்பதற்கு, இரண்டாம் இடம் ‘எதை’ என்பதற்கு. அந்த இரண்டு இடங்களும் உருபோடு சேர்த்து ஏற்கெனவே போடப்பட்டுவிட்டன. அதில் ஆட்கள்தான் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். வாக்கியத்தின் சட்டம் முதலில், பெயர்ச்சொற்களை அதில் பொருத்துவது அப்புறம்.

இன்னும் நுட்பமான ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. ‘பணம்’ உருபு ஏற்கும்போது நடுவில் ‘அத்து’ச் சாரியை வரும்: பணத்துல. ‘டப்பா’வுக்கு அது கிடையாது, அங்கே உடம்படுமெய் ‘வ்’ வரும்: டப்பாவ. உங்கள் தங்கையின் தவறில் இரண்டும் சரியாக வந்திருக்கின்றன. “டப்பாத்த” என்றோ “பணம்வுல” என்றோ அவர் சொல்லவில்லை. சாரியையும் உடம்படுமெய்யும் முன்கூட்டியே போடப்பட்டிருந்தால் அவை பழைய இடத்திலேயே நின்று இப்படித்தான் உளறலாகியிருக்கும். ஆக, பெயர்கள் தவறான இடத்தில் உட்கார்ந்த *பிறகு*தான் புணர்ச்சி வேலை நடந்திருக்கிறது. முதலில் சட்டம், அப்புறம் சொல், அதற்கும் அப்புறம் புணர்ச்சி. அரை நொடியில் முடிந்துபோகும் வேலையின் வரிசை ஒரே ஒரு தவறில் தெரிந்துவிடுகிறது.

ஃப்ரம்கினின் தொகுப்பிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் “அ கரன்ட் ஆர்க்யுமென்ட்” என்று சொல்ல நினைத்தவர் “அன் அரன்ட் கர்க்யுமென்ட்” என்றார். ‘க்’ இடம்பெயர்ந்ததும், முன்னால் நின்ற ‘அ’ தானாகவே ‘அன்’ ஆகிவிட்டது. நம் ஒரு, ஓர் மாதிரி.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. தமிழில் “பணத்த டப்பாவுல போடு” என்று வரிசை மாற்றியும் சொல்லலாம். அதனால் உங்கள் தங்கை அந்த வரிசையில்தான் சொல்ல நினைத்தார், பெயர்கள் அங்கேயே இருக்க உருபுகள்தான் இடம் மாறின என்றும் ஒருவர் சொல்லலாம். வரிசை இறுக்கமான ஆங்கிலத்தில் இந்தச் சந்தேகம் இவ்வளவு வராது. என்ன நினைத்தார் என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். எப்படி இருந்தாலும் பெயரும் உருபும் மனத்தில் தனித்தனியாக நிற்கின்றன என்பதும், புணர்ச்சி கடைசியில்தான் என்பதும் மாறாது.

ஒலி மாற்றமும் சொல் மாற்றமும் வேறு வேறு கட்டம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

தூரத்தை வைத்தும், சொல்லின் வகையை வைத்தும். மெரில் காரெட் என்ற உளவியலாளர் 1975-இல் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். முழுச் சொற்கள் இடம் மாறும்போது பெயரோடு பெயர், வினையோடு வினை என்று ஒரே இனத்துக்குள்தான் அநேகமாக மாறுகின்றன; நடுவில் நாலைந்து சொல் இருந்தாலும் பரவாயில்லை. ஒலிகள் மாறும்போது நேர் எதிர். இனம் பெயரா, வினையா என்று ஒலி பார்ப்பதில்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்குள்தான் மாறும்.

ஒரே கட்டத்தில் எல்லாம் நடந்தால் இரண்டு வகைத் தவறுக்கும் ஒரே விதி இருந்திருக்க வேண்டும். இரண்டு விதி இருப்பதால் இரண்டு மேசை என்று காரெட் முடிவுக்கு வந்தார். முதல் மேசையில் யார் யாருக்கு என்ன செய்தார் என்பது தீர்மானமாகிறது. முழு வாக்கியமும் அங்கே விரிந்து கிடக்கிறது, அதனால்தான் தொலைவில் உள்ள சொல்லும் மாறிவிடுகிறது. இரண்டாம் மேசைக்கு ஒரு சமயத்தில் ஒரு சிறு தொடர்தான் வருகிறது, அங்கே ஒலிகள் வரிசைப்படுகின்றன. தயிர் வடை இரண்டாம் மேசையில் கொட்டியது, டப்பா முதல் மேசையில்.

இந்த இரண்டு மேசைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமா, இல்லை மேலிருந்து கீழாக ஒருவழிப் பாதைதானா என்பதில் மட்டும் இன்னும் சண்டை தீரவில்லை. அடுத்த கேள்வி அந்தச் சண்டைக்குள்தான் போகிறது.

“வயிர் தடை” வயிறு, தடை என்று அர்த்தம் உள்ளது மாதிரி கேட்கிறதே, அது தற்செயலா?

முழுக்கத் தற்செயல் அல்ல. தவறி வருவது நிஜமான சொல்லாக இருந்தால் அந்தத் தவறு நேரும் வாய்ப்பு கூடுகிறது. இதைச் சோதனைக் கூடத்தில் காட்டியவர்கள் பெர்னார்ட் பார்ஸ், மைக்கேல் மாட்லி, டொனால்ட் மெக்கே (1975).

திரையில் இரண்டிரண்டு சொற்களாக ஓடிக்கொண்டிருக்கும், மனத்துக்குள் படித்துக்கொண்டே வர வேண்டும். மணி அடித்ததும் கடைசியாகப் பார்த்த ஜோடியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சூழ்ச்சி எங்கே என்றால், முன்னால் வரும் ஜோடிகள் எல்லாம் ப–ட என்று தொடங்கும், சொல்ல வேண்டிய ஜோடி மட்டும் ட–ப என்று தொடங்கும். வேகத்தில் பலர் தடம் புரள்வார்கள். “டார்ன் போர்” என்ற ஜோடி தடம் புரண்டால் “பார்ன் டோர்”, அதாவது களஞ்சியக் கதவு என்ற நிஜச் சொற்கள் வரும். “டார்ட் போர்ட்” புரண்டால் “பார்ட் டோர்ட்” என்று அர்த்தமில்லாதது வரும். முதல் வகைத் தவறுகள் தெளிவாகவே அதிகமாக வந்தன.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். வண்டி தடம், வரி தலை, வலது தவில் என்று சீட்டில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, சட்டென்று ‘தயிர் வடை’யைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். எல்லோரும் தடுமாற மாட்டார்கள். இரண்டொருவர் மாட்டுவார்கள்.

காரணமாக இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஒன்று, வாய்க்கு முன்னால் உள்ளே ஒரு காவலாளி இருக்கிறார்; அர்த்தமில்லாததைப் பிடித்துவிடுகிறார், நிஜச் சொல் மாதிரி வேஷம் போட்டு வருவதைக் கோட்டை விடுகிறார். இன்னொன்று, கேரி டெல் 1986-இல் முன்வைத்தது: சொல் தன் ஒலிகளைத் தூண்டுவது போலவே, ஒலிகளும் திரும்பித் தங்கள் சொற்களைத் தூண்டுகின்றன. வ–யி–ர் எழும்பும்போது ‘வயிறு’ என்ற சொல்லும் எழும்பி, அந்தத் தவறுக்கு முட்டுக் கொடுக்கிறது. இதன்படி கீழ் மேசையும் மேல் மேசையோடு பேசுகிறது.

எதுவானாலும் காவலாளி இருப்பது நிச்சயம். 1982-இல் மாட்லி குழு, தடம் புரண்டால் கெட்ட வார்த்தை வரும்படியான ஜோடிகளைக் கொடுத்துப் பார்த்தது. தவறாமல் சரியாகச் சொன்னவர்களின் தோலிலும் பதற்றத்தைக் காட்டும் மின்மாற்றம் பதிவானது. அந்தக் கெட்ட வார்த்தை உள்ளே உருவாகி, வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறது. “வ... தயிர் வடை” என்று ஒரே ஒலியில் நாம் நிறுத்திக்கொள்வதும் இந்தக் காவலாளியின் வேலையே. சொன்னதைக் காதால் கேட்டு நிறுத்துவதற்கு அந்தக் கணநேரம் போதாது.

ஃப்ராய்ட் சொன்னது போல, மனத்தில் ஒளித்து வைத்ததுதான் வாயில் வந்துவிடுகிறதா?

சில சமயம் அது ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

வியன்னாவில் ருடால்ஃப் மெரிங்கர் என்ற மொழியியலாளரும் கார்ல் மாயர் என்ற மருத்துவரும் 1895-இலேயே வாய் தவறல்களைச் சேகரித்து நூலாக வெளியிட்டார்கள். ஃப்ராய்ட் 1901-இல் எழுதியபோது அவர்களிடமிருந்தும் உதாரணங்களை எடுத்துக்கொண்டார். அதில் ஒன்று: ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவர், கூட்டம் தொடங்குகிறது என்று அறிவிக்க எழுந்து, கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். அந்தக் கூட்டத்தால் தனக்கு நல்லது எதுவும் வராது என்று நினைத்தார், சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற ஆசை வெளியே வந்துவிட்டது என்பது ஃப்ராய்டின் வாசிப்பு. மெரிங்கர் போன்றவர்களுக்கு அது சாதாரணம்: தொடங்குதலும் முடிதலும் மனத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. மேலே என்பதற்குக் கீழே, நேற்று என்பதற்கு நாளை என்று நாமும் தினம் சொல்கிறோம். அதில் என்ன ஆசை இருக்கிறது?

1979-இல் மாட்லியும் பார்ஸும் இதைச் சோதித்தார்கள். மின்னதிர்ச்சி கொடுக்கப்படலாம் என்று பயமுறுத்தப்பட்டவர்களுக்கு மின்சாரம், அதிர்ச்சி சம்பந்தமான தவறுகள் அதிகம் வந்தன. ஆக, மனநிலை எந்தத் தவறு ஜெயிக்கும் என்பதைக் கொஞ்சம் சாய்க்கிறது. ஆனால் அங்கேயும் தவறை விதைத்தது ஒலி வரிசையில் வைத்த சூழ்ச்சிதான். தயிர் வடையில் எந்த ரகசியத்தையும் தேட வேண்டாம். பசி இருந்திருக்கலாம்.

என் பெயரைச் சொல்வதற்குள் அம்மா அண்ணன், அக்கா, கடைசியில் நாய் பெயர் வரை சொல்லிவிடுகிறார். என்மேல் அக்கறை இல்லையா?

அக்கறை இருப்பதால்தான். 2016-இல் அமெரிக்காவில் சமந்தா டெஃப்லர் குழு வெளியிட்ட ஆய்வின்படி, பெயர் மாற்றம் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் நடக்கிறது: குடும்பத்தாரைக் குடும்பத்தார் பெயரால், நண்பரை நண்பர் பெயரால். ஒலி ஒற்றுமையும் கொஞ்சம் உதவுகிறது, முக ஒற்றுமைக்குப் பெரிய பங்கு இல்லை. நாயின் பெயரும் குடும்ப வட்டத்தில் வந்தது, பூனை பெயர் அப்படி வரவில்லை. பூனை வளர்ப்பவர்கள் மன்னிக்கவும்.

“யாரு தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை” சொல்லும்போது குழறுவது நாக்கின் குற்றமா?

நாக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை. த, ச இரண்டும் அடுத்தடுத்த சொற்களில் ஒரே இருக்கைக்கு மாறி மாறி வருகின்றன, அதுதான் வம்பு. வாயை அசைக்காமல் மனத்துக்குள் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அங்கேயும் குழறும்.

அடிக்கடி வாய் தவறினால் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

ஆயிரம் சொல்லுக்கு ஒன்றிரண்டு என்பது எல்லோருக்கும் உள்ளது. தூக்கமின்மை, அவசரம், மது இதைக் கூட்டும். ஆனால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பேச்சு குழறினாலோ, சொல்லே வராவிட்டாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தத் தவறுகளை எப்படிச் சேகரிக்கிறார்கள்? நம்பலாமா? நானும் செய்யலாமா?

பழைய தொகுப்புகள் எல்லாம் நோட்டுப் புத்தகமும் காதும்தான். காதுக்கு ஒரு குறை உண்டு: அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு சின்னத் தவறுகளைத் தானே திருத்திக் கேட்டுவிடும். வேடிக்கையானது மட்டும் பதிவாகும். இன்னொரு குறையைக் கருவிகள் காட்டின. நாக்கின் அசைவை நேரடியாகப் பதிவு செய்தபோது, ‘த’வும் ‘க’வும் போன்ற இரண்டு ஒலிகளின் அசைவுகள் ஒரே நேரத்தில் பாதி பாதியாக நடப்பது தெரிந்தது. காதுக்கு அது சுத்தமான ஒரு ஒலியாகவே கேட்கும். அதனால் ‘ஒலி விதியை மீறாது’ என்று முன்னால் சொன்னது காதில் விழுந்தவற்றைப் பற்றிய விதிதான். உள்ளே நடப்பது இன்னும் கலங்கலானது.

நீங்கள் செய்வதானால் தவறை மட்டும் எழுதாதீர்கள். முழு வாக்கியம், சொல்ல நினைத்தது என்ன, அவரே திருத்திக்கொண்டாரா, முன்னால் என்ன பேச்சு ஓடியது, எல்லாவற்றையும் அப்போதே எழுதிவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து எழுதினால் உங்கள் ஞாபகம் அதை அழகுபடுத்திவிடும். என் நோட்டில் கடைசியாக ஏறியது சித்தியின் வாக்கியம்: “கதவ சாவில விட்டுட்டு வந்துட்டேன்.” சாவியைக் கதவில் விட்டதைத்தான் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று உடனே கேட்டேன். “சாவிய கதவுலன்னுதானே சொன்னேன்” என்று சாதித்துவிட்டு, சாவியை எடுக்கப் போய்விட்டார்.